மோதிர நூலும் உருளையின் நடுவும்

என் மகள் 'அம்மா' என்று சொல்வதற்கு முன்பே 'கிர்ர்' என்று சொல்லப் பழகிவிட்டாள். அது எங்கள் வீட்டு த்ரீடி பிரிண்டரின் சத்தம். அவள் தொட்டில் கூடத்திலும் பிரிண்டர் உள்ளறையிலும் இருந்தன. நியாயமாக அது மாறியிருக்க வேண்டும் என்று எனக்கே தோன்றும். ஒரு குழந்தை தூங்க வேண்டிய அறையில் ஒரு மெஷின் பிளாஸ்டிக்கை உருக்கிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் வழியும் அதன் மூக்கு இருநூறு டிகிரிக்கு மேல் சுடும். அந்த அறைக் கதவைச் சாத்தினேனா என்று சமையல் நடுவில் எழுந்து போய்ப் பார்ப்பேன். சாத்தித்தான் இருக்கும். திரும்பி வந்து அடுப்பை அணைத்தேனா என்று பார்ப்பேன்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடப் பிரிவில் இருந்தேன். தேனிக்கு வந்து, குழந்தை பிறந்து, வீட்டோடு ஆனபின் என் கணவர்தான் பிரிண்டரை வாங்கிக்கொடுத்தார். மிக்ஸி குமிழ், திராட்சைத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்க்குக் கிளிப், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் செய்முறைக்குச் சின்னச் சின்ன சாமான்கள் என்று வேலை வந்தது. ஆனாலும் இது ஒரு தொழிலா, இல்லை வேலைக்குப் போகாததற்கு நான் சொல்லிக்கொள்ளும் சாக்கா என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் காலியாக இருந்தது. கம்பத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர், பெயர் போட்ட சாவிக்கொத்து செய்வதற்காக என் பிரிண்டரை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் போடியிலிருந்து ஏலக்காய்க் கடை வேலை வந்தது. நானே வீட்டில் அறிவித்துவிட்டேன். இது சரியாக வந்தால் தொடர்வேன், வராவிட்டால் பிரிண்டரைக் கம்பத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடுவேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. என் கணவர், "எதுக்கு இப்பவே இப்படி ஒரு கோட்டைக் கிழிக்கிற?" என்றுகூடக் கேட்டார். கோடு இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

போடியில் மலையிலிருந்து இறங்கும் காயைச் சலித்து, அளவு பிரித்து, வெடித்ததையும் நிறம் போனதையும் கையால் பொறுக்குவார்கள். அந்தக் கடையில் பொறுக்கும் கொட்டகையை முதலாளியின் மனைவி பார்த்துக்கொண்டார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அங்கே நீள மேசைகளின் மேல் பெல்ட் மெதுவாக நகரும், இரு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து ஓடும் காயிலிருந்து கழிவை எடுப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மேசைகள். ஒரு முனையில் மோட்டார் இழுக்கும் உருளை இரும்பு. மறுமுனையில் பெல்ட் திரும்பும் உருளையும் நடுவில் தாங்கும் உருளைகளும் பிளாஸ்டிக். அவை ஒவ்வொன்றாக விரிசல் விட்டிருந்தன. உதிரி கிடையாது என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். லேத்தில் இரும்பில் கடைந்து போட்டுப் பார்த்ததில் அந்தக் கனத்துக்குச் சின்ன மோட்டார் சூடேறிக்கொண்டது.

"ஒரு மேசைக்குச் செஞ்சு குடும்மா. பெல்ட் நேரா ஓடுச்சுன்னா மத்ததையும் பாப்போம்" என்றார் அக்கா.

நேராக ஓட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

பழைய உருளையைப் பிரித்தபோது உள்ளே இருந்தது நான் எதிர்பார்த்த பேரிங்தான். பிள்ளைகள் விளையாடும் ஸ்கேட்டிங் பலகைச் சக்கரத்தில் இருக்கும் அதே பேரிங். வெளிவட்டம் இருபத்திரண்டு மில்லிமீட்டர், நடுத்துளை எட்டு, தடிமன் ஏழு. தேனியில் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். எட்டு மில்லிமீட்டர் ராடு அசையாமல் நிற்கும். ராடில் இரண்டு பேரிங்குகள், அவற்றின் மேல் உருளை சுற்றும். நான் செய்ய வேண்டியது உருளையும், அதன் இரு முனைகளிலும் பேரிங் உட்காரும் குழியும்.

கேட்க எளிதாக இருக்கிறது. இருபத்திரண்டு மில்லிமீட்டர் பேரிங்குக்கு இருபத்திரண்டு மில்லிமீட்டர் குழி. ஆனால் பிரிண்டரிடம் இருபத்திரண்டு கேட்டால் அது இருபத்திரண்டு தராது. உருகிய பிளாஸ்டிக் வளைந்து வரும்போது உள்பக்கம் இழுபடும், ஆறும்போது சுருங்கும், குழி கேட்டதைவிடச் சற்றுச் சின்னதாகவே வரும். அப்படியே பேரிங்கை அடித்து இறக்கினால் வெளிவளையம் நெருக்கப்பட்டு உள்ளே குண்டுகள் நறநறக்கும், இல்லையென்றால் உருளை பிளக்கும். பெரிதாக்கினால் பேரிங் ஆடும். நடுவில் ஒரு மயிரிழை இடம். அந்த இடத்தில் நிற்க என்னைப் போன்ற சுபாவக்காரி எவ்வளவு தவித்திருப்பாள் என்று சொல்லவே வேண்டாம்.

முதல் உருளையை நிற்கவைத்து அச்சிட்டேன். உயரம் கிட்டத்தட்ட என் பிரிண்டரின் உச்சி வரை. பேரிங்கைக் கட்டைவிரலால் அழுத்தினேன். மேல்முனையில் கொஞ்சம் அடம்பிடித்தாலும் இறங்கியது. கீழ்முனையில் வாயிலேயே நின்றுவிட்டது. வெர்னியர் அளவுகோலைக் குழியின் வாயில் வைத்து அளந்தேன். சின்னதாக இருந்தது. சரி என்று குழியின் அளவைக் கூட்டினேன். அப்போதும் அழுத்தம் அதிகம் என்று பட்டது. இன்னும் கூட்டினேன். போடியில் போய்ப் பிளந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கடைசியாக ஒரு முறை, சும்மா பாதுகாப்புக்கு, இரண்டு முனையிலும் இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

என் மாமியார் குழந்தைக்குக் கவுன் எடுப்பது இப்படித்தான். "வளர்ற பிள்ளைதானத்தா" என்று எப்போதும் ஒரு அளவு கூட. ஆனால் பேரிங் வளராது.

எல்லா உருளைகளும் முடிந்தபின் பேரிங்குகளைப் போட்டுப் பார்த்தால், வாயைத் தாண்டியதும் உள்ளே லொடலொடவென்று ஆடின. நாளைக்குக் கொடுப்பதாகச் சொன்ன சாமான். நான் கூடத்தில் உருளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னத்தா மூஞ்சி இப்படி இருக்கு?"

"பேரிங்கு லூசா இருக்கு அத்தை."

"லூசா இருந்தா என்ன? மோதிரத்துக்கு நூல் சுத்துறதில்லயா? உன் புருசன் கையில இருக்கிறது அப்படித்தான நிக்கிது."

அது உண்மைதான். கல்யாணத்துக்கு எடுத்த மோதிரம் அவருக்குப் பெரிதாக இருந்தது. அதன் அடிப்பக்கத்தில் அத்தைதான் சிவப்பு நூலைச் சுற்றிக்கொடுத்திருந்தார். கழுவிக் கழுவி நூல் கறுத்துவிட்டது, ஆனால் மோதிரம் கழன்றதில்லை. எனக்கு அந்த யோசனை பிடித்தது. குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை எடுத்து, எந்தப் பக்கம் இடைவெளி தெரிந்ததோ அந்தப் பக்கம் மடித்து வைத்து, பேரிங்கை உள்ளே தள்ளினேன். ஆட்டம் நின்றுவிட்டது. ராடைக் கையில் பிடித்து உருளையைச் சுண்டிவிட்டால் நிற்காமல் சுற்றியது. என் மகள் கைதட்டி 'கிர்ர்' என்றாள். அத்தை கீரைக்காம்பைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தியா? இதுக்குப் போயி காலேஜுல நாலு வருசம்" என்றார்.

போடியில் மேசையைப் பொருத்தியவர் அந்தக் கடையின் மெக்கானிக். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். உருளையை அவரும் சுண்டிவிட்டுப் பார்த்தார்.

"பம்பரம் கணக்கா நிக்காமச் சுத்துது தங்கச்சி. லேத்துக்காரனக் கூப்பிட்டுக் காமிக்கணும்."

அவர் ராடின் முனைகளில் இருந்த நட்டை ஸ்பேனரால் இறுக்கியதும் உருளைகள் விறைத்துக்கொண்டன. கொஞ்சம் தளர்த்தினார், மறுபடி சுற்றின. அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன், ஆனால் அப்போது பெல்ட் ஓட வேண்டும் என்பதிலேயே கவனம் இருந்தது. மோட்டாரைப் போட்டார். அக்கா ஒரு முறம் காயை பெல்ட்டில் கொட்டினார்.

காய் துள்ளியது. பெல்ட் ஒரு பக்கம் போனது, உடனே மறுபக்கம் வந்தது, மறுபடி போனது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறவள் மாதிரி பெல்ட் ஆடி ஆடி நடந்தது. ஓரக்காய்கள் தரையில் உதிர்ந்தன.

மெக்கானிக் முனையிலிருந்த இழுப்புத் திருகைக் கொஞ்சம் திருப்பினார். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினார். ஒன்றும் மாறவில்லை.

"ஒரே பக்கமா போச்சுன்னா இதுல இழுத்து நேராக்கிருவேன். இது ரெண்டு பக்கமும்ல போகுது. யார் பேச்சக் கேக்குறதுன்னு தெரியாம நிக்குது பெல்ட்டு."

பொறுக்கும் பெண்களில் ஒருவர், "எங்க வீட்டுக்காரரு மாதிரி இருக்குன்னு சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் காது சூடாக இருந்தது.

அக்கா கோபப்படவில்லை. "வர்ற வாரம் மலைக்காய் கூடுதலா இறங்கும். அதுக்குள்ள சரி பண்ண முடியுமான்னு பாரு. இல்லேன்னா சொல்லிரும்மா, மத்த வழிய பாத்துக்கிறோம்" என்றார். நான், "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்க்கா" என்றேன். பெல்ட் ஏன் ஆடுகிறது என்று வீட்டில் யாரைக் கேட்பது? ஆனாலும் அதுதான் என் வாயில் வந்தது. எதற்கும் அதுதான் வரும்.

உருளைகளை ஒரு சாக்கில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். வழியெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எந்தச் சேலை கட்டிக்கொண்டு போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கம்பத்துக்காரரின் அழைப்பு என் போனில் தவறிப்போயிருந்தது. திரும்பக் கூப்பிடவில்லை. மெக்கானிக் சொன்னதுதான் மனதில் நின்றது. ஒரே பக்கமாகப் போனால் உருளை கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது, திருகில் சரிசெய்யலாம். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போகிறது என்றால் ஒவ்வொரு சுற்றிலும் உருளையே இடம் மாறுகிறது. அப்படியென்றால் நிற்காமல் சுற்றியதே, அது என்ன?

மகளின் கண்மைப் பென்சிலை எடுத்தேன். ராடை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, உருளையை மெதுவாகச் சுற்றவிட்டு, பென்சிலை அசையாமல் பிடித்து மேற்பரப்புக்கு நெருக்கிக்கொண்டே போனேன். நடு சரியாக இருந்தால் மை சுற்றிலும் ஒரே கோடாக விழ வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்தது. மறுமுனையில் வைத்துப் பார்த்தேன். அங்கே நேர் எதிர்ப்பக்கத்தில் விழுந்தது. உருளை அழகாக, அமைதியாக, நிற்காமல், தப்பான நடுவைச் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்த்தோமே தவிர எதைச் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை. நல்ல பேரிங் எந்த நடுவைக் கொடுத்தாலும் வஞ்சனையில்லாமல் சுற்றும்.

என் கணவர் வேலையிலிருந்து வந்து, நாற்காலியில் கையை ஊன்றி மைக்கோட்டைக் குனிந்து பார்த்தார். அவர் விரல் என் கண்ணுக்கு நேரே இருந்தது.

"கையத் திருப்புங்க" என்றேன்.

"எதுக்கு?"

"திருப்புங்களேன்."

உள்ளங்கையைத் திருப்பினார். மோதிரத்தின் அடியில் நூல் தடித்திருந்தது. விரல் மேல்பக்கமாக ஒட்டி நின்றது. நூல் சுற்றுவதே அதற்குத்தான். அது இடைவெளியைப் போக்குவதில்லை, முழு இடைவெளியையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, விரலை மறுபக்கத்தில் நெருக்குகிறது. மோதிரத்துக்கு அது நல்லது, கல் மேலே பார்த்தபடி நிற்கும். விரல் சுற்றப்போவதில்லை. என் பேரிங் சுற்றுகிறது. நான் அதை வெள்ளை டேப்பால் ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டேன். ஒரு முனையில் இந்தப் பக்கம், மறுமுனையில் அந்தப் பக்கம்.

நான் சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய், "என்னாச்சு?" என்றார்.

"நடு தப்பியிருக்கு. அவ்வளவுதான். எங்க தப்புனுச்சுன்னு தெரிஞ்சிருச்சு."

அன்றைக்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. முதலில், வாயில் ஏன் முட்டியது என்று பார்த்தேன். பழைய உருளையின் கீழ்முனையைச் சிறு ரம்பத்தால் குறுக்கே அறுத்தேன். காரணம் நகத்திலேயே தட்டுப்பட்டது. பிரிண்டரின் தட்டில் முதலில் விழும் படலம் நன்றாக அழுந்தி உட்காருவதால் உள்ளே லேசாகப் பிதுங்கி ஒரு விளிம்பு கட்டியிருந்தது. குழி கொஞ்சம்தான் சின்னது. முழுக்க முட்டியது வாயிலிருந்த அந்த விளிம்பு மட்டும். நான் வாயில் அளந்து, வயிற்றைப் பெரிதாக்கியிருந்தேன். குழியின் அளவைத் தொடாமல், வாயை மட்டும் சரிவாகச் சீவிவிட்டால் போதும். பேரிங் அந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

பிறகு குழியின் அளவு. முழு உருளையைச் செய்து செய்து பார்ப்பதை விட்டுவிட்டு, உருளையின் ஒரு முனையை மட்டும், அதே சுவர்த் தடிமனில், அதே பிளாஸ்டிக்கில், அதே வேகத்தில், துண்டு துண்டாக அச்சிட்டேன். ஒவ்வொரு துண்டிலும் குழி ஒரு மயிரிழை பெரிது. மற்ற எதையும் மாற்றவில்லை. முன்பு ஒரே நேரத்தில் இரண்டு மூன்றை மாற்றிவிட்டு எது பலித்தது என்று தெரியாமல் விழிப்பேன். துண்டுகளை வரிசையாக வைத்து பேரிங்கை அழுத்திப் பார்த்தபோது, எதில் அடம்பிடிக்கிறது, எதில் இறங்குகிறது, எதில் ஆடுகிறது என்பது விரலுக்கே தெரிந்தது. என் மகளும் ஒரு துண்டை எடுத்துக் கையில் வளையலாகப் போட முயன்றாள்.

அப்போதும் என் மனம் சும்மா இருக்கவில்லை. நாளைக்கு வெயில் கூடினால், அடுத்து வாங்கும் பிளாஸ்டிக் கொஞ்சம் மாறி வந்தால், இந்த மயிரிழை மாறிவிடாதா? அந்தச் சந்தேகத்திலிருந்துதான் அடுத்த யோசனை வந்தது. நூல் தப்பில்லை, ஒரு பக்கத்தில் இருந்ததுதான் தப்பு. எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால்? குழியைச் சற்றே பெரிதாக விட்டு, அதன் சுவரில் மெல்லிய வரிமேடுகள் ஆறு, சம இடைவெளியில், மேலிருந்து கீழாக வைத்தேன். பேரிங் இறங்கும்போது ஆறையும் ஒரே அளவில் நசுக்கிக்கொண்டு இறங்கும். ஆறும் ஒரே அளவில் எதிர்த்துத் தள்ளும். பேரிங்குக்கு நடுவைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. குழி ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் வரிமேடுகள் பொறுத்துக்கொள்ளும். பிரிண்டரின் மூக்கு ஒவ்வொரு சுற்றையும் தொடங்கி முடிக்கும் இடத்தில் ஒரு தழும்பு விழும். அதுவும் பேரிங்கை ஒரு பக்கம் தள்ளும் என்பதால், தழும்பை இரண்டு மேடுகளுக்கு நடுவிலிருந்த பள்ளத்தில் விழும்படி வைத்தேன்.

குழியின் அடியில் பேரிங் தங்கும் படியையும் திருத்தினேன். அது பேரிங்கின் வெளிவளையத்தை மட்டும்தான் தொட வேண்டும், உள்வளையத்தைத் தொட்டால் உரசிக்கொண்டு நிற்கும். கடைசியாக, நட்டை இறுக்கியதும் உருளை விறைத்ததே, அது. நட்டுகள் இரண்டு பேரிங்கின் உள்வளையங்களையும் உள்பக்கமாக நெருக்குகின்றன. நடுவில் தடுக்க எதுவும் இல்லை. உள்வளையம் உள்ளே போக, வெளிவளையம் படியில் நிற்க, குண்டுகள் நடுவில் நசுங்குகின்றன. ராடின் மேல் மாட்டிக்கொள்ளும்படி ஒரு மெல்லிய குழல் செய்து, இரண்டு உள்வளையங்களுக்கும் நடுவில் வைத்தேன். அதன் நீளம் இரண்டு படிகளுக்கும் இடைப்பட்ட தூரம்தான், மயிரளவு மட்டும் கூட. இனி நட்டு எவ்வளவு இறுக்கினாலும் அந்தச் சுமையைக் குழல் தாங்கும், பேரிங் தாங்காது.

முதல் உருளை முடிந்து தட்டு ஆறும்வரை நான் அறைக்குள் போகவே இல்லை. துணி மடித்தேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். பிறகு போய் எடுத்து, பேரிங்குகளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி, முனகாமல் இறங்கின. நாற்காலிகளுக்கு நடுவில் ராடைக் கட்டிக் கண்மையை நெருக்கினேன்.

மை ஒரு முழு வட்டமாக விழுந்தது. மறுமுனையிலும் விழுந்தது. மெல்லிய, அறுபடாத, கறுப்பு வட்டம். இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று கை போனது. பென்சிலை மூடி வைத்துவிட்டேன்.

போடிக்கு அந்த முறை அத்தையும் வருவேன் என்றார். "நூல் சுத்தச் சொன்னவ நான். என் பேருக்கும் கெட்ட பேரு வந்துருச்சுல்ல" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கொட்டகையில் பெண்கள் எங்களைப் பார்த்ததும், "இன்னைக்கு எந்தப் பக்கம் போகுதாம் பெல்ட்டு?" என்றார்கள்.

மெக்கானிக் உருளையை எடுத்துச் சுண்டிவிட்டார். வரிமேடுகள் இறுகப் பிடித்திருந்ததால் இந்த முறை உருளை சீக்கிரமே நின்றது. அவர் முகம் சுருங்கியது.

"போன தடவ நல்லாச் சுத்துச்சே தங்கச்சி. இது சட்டுனு நின்னுருச்சு."

முன்பென்றால் அந்த ஒரு வார்த்தைக்கு நான் உருளைகளைச் சாக்கில் கட்டியிருப்பேன். "சுத்துற நேரம் வேண்டாம்ண்ணே. மாட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மாட்டினார். நட்டை விரலால் மட்டும் முடுக்கி நிறுத்தினார்.

"நல்லா இறுக்குங்கண்ணே."

"இறுக்குனா விறைச்சுக்கிரும். போன தடவ பாத்தம்ல."

"ஸ்பேனர் போட்டு இறுக்குங்க. உங்களால எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரில் தன் முழு பலத்தையும் கொடுத்து இறுக்கினார். உருளையைத் தொட்டார். அது லேசாக, விரலுக்கு இணங்கி, சுற்றியது. மறுபக்கமும் இறுக்கினார், அப்போதும் சுற்றியது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ராடின் முனையை உற்றுப் பார்த்தார்.

"உள்ள என்ன வச்சிருக்க?"

"ஒரு குழல்."

"கள்ளி" என்றார். அது பாராட்டு.

மோட்டாரைப் போட்டதும் பெல்ட் மெல்ல ஒரு பக்கம் நகர ஆரம்பித்தது. ஆனால் அது திரும்பி வரவில்லை. ஒரே பக்கமாகவே போனது. நான் சொல்வதற்குள் மெக்கானிக்கின் கை திருகுக்குப் போய்விட்டது. அரைத் திருப்பு. பெல்ட் யோசித்தது. இன்னும் ஒரு கால் திருப்பு. பெல்ட் நடுவுக்கு வந்தது, வந்த இடத்தில் நின்றது, நின்றபடியே ஓடியது.

அக்கா காயைக் கொட்டினார். பச்சைக் காய்கள் விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு ஊர்வலம் போயின. ஒன்றும் துள்ளவில்லை. பெண்கள் கொஞ்ச நேரம் பொறுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு போன தடவை வீட்டுக்காரரைச் சொன்ன அந்தப் பெண், "இது எங்க வீட்டுக்காரரு இல்லக்கா. இது வேற ஆளு" என்றார். கொட்டகையே அதிர்ந்தது. அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். குழந்தை பெல்ட்டைக் காட்டி 'கிர்ர்' என்றது. பெல்ட் எந்தச் சத்தமும் போடவில்லை என்பதுதான் என் பெருமை.

அக்கா பெல்ட்டின் ஓரத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். விரலில் எதுவும் உரசவில்லை.

"மத்த மேசைக்கெல்லாம் எப்ப தருவ?"

'வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்' என்ற வாக்கியம் தயாராக நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தை என்னைப் பார்த்தார்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள தந்துர்றேன்க்கா" என்றேன்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில், குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, கம்பத்துக்காரர் மறுபடி கூப்பிட்டார். என் கை குழந்தையின் தலைக்கடியில் இருந்ததால் போனை அத்தைதான் எடுத்தார்.

"ஆமா, அவ மாமியாதேன் பேசுறேன். மெசினா? அது விக்கிறதுக்கில்லய்யா." எதிர்ப்பக்கம் ஏதோ சொன்னார்கள். "எத்தன தடவ கேட்டாலும் அதேன். போடிக்காரவுக வேல குடுத்துருக்காக. எங்களுக்கே இன்னொரு மெசினு வேணும் போல இருக்கு."

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபின், "ஏத்தா, அப்ப உன் புருசன் மோதிரத்துலயும் நூலப் பிரிச்சு எடுத்துரணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் அத்தை. அது சரியாத்தான் இருக்கு. அவரு சுத்துறதில்லயே."

"அதுவும் சரிதான்" என்றார் அத்தை.